கொன்றதும் கொண்டதும்

பேசுவது போல எழுதலாமா என்னும் வினா ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகைகளுக்குப் புதியதன்று. 1960களின் தொடக்கத்தில் மரபுப் போராட்டம் என்னும் பெயரால் ஒரு பெரும் வாதம் மூண்டது. சிறுகதைகளிலும் நாவல்களிலும் பேச்சு வழக்கை எடுத்தாளுதல் இழிசனர் வழக்கைப் பேணுவதாகும் என்று ஒரு சாரார் கூற, அதுவே மண்வாசனை என்று மற்றொரு சாரார் மறுத்தனர். அவ்வாதம் கதையைப் பற்றியது. கதையிற் பேச்சு வழக்கு இடம் பெறலாம் என்பது இன்று முடிந்த முடிபு. கதை எழுதுவோர் நம்மிற் சிலரே. கடிதம் எழுதுவோரும், ஏதேனும் ஒரு சபையில் எழுந்து இரண்டு வார்த்தை பேச வேண்டி வருவோரும் பலர். ஒரே சொல்லுக்குப் பேச்சில் ஒரு வடிவும் எழுத்தில் ஒரு வடிவும் இருக்கும்போது கடிதத்துக்கு எது பொருந்தும், மேடைக்கு எது பொருந்தும் என்பதை அவ்வாதத்தில் இறங்கிய இரு சாராரும் அதிகம் எண்ணவில்லை. அதனையே இவ்வாரம் எண்ணிப் பார்க்க விரும்புகின்றேன். பரந்த பொருளாதலின், யாழ்ப்பாணத்து வழக்கில் வரும் ஓரொலியை முதன்மையாகக் கொண்டு, அதன் வழியே செல்கின்றேன்.

‘ஒன்று’ என்பதை நம் வீடுகளில் ‘ஒண்டு’ என்கின்றோம். மூன்று மூண்டாகும், கன்று கண்டாகும், பன்றி பண்டியாகும். நின்று, என்று, இன்றைக்கு என்பன நிண்டு, எண்டு, இண்டைக்கு என வரும். மலையகத்திலும் தமிழகத்திலும் இச்சொற்கள் வேறொரு வழியிற் சென்றன. அங்கே ஒண்ணு, மூணு, கன்னு, பன்னி, நின்னு, இன்னைக்கு என்பர். எழுதும்போது மட்டும் எல்லோரும் ‘ஒன்று’ என்றே எழுதுகின்றோம்.

இவ்வேறுபாடு எவருடைய சோம்பலாலும் வந்ததன்று. றகரமும் னகரமும் ஓரிடத்திற் பிறப்பவை. நுனிநா மேலெழுந்து அண்ணத்தை ஒற்ற அவை பிறக்கும் என்பது தொல்காப்பியர் கூறும் பிறப்பியல். இவ்விரண்டும் அடுத்தடுத்து வரும்போது நாவுக்கு இரு வழிகள் உள. நாவைச் சற்றுப் பின்னே வளைத்தால் ‘ண்ட’ என்னும் ஒலி பிறக்கும். வல்லொலியை மூக்கொலியுள் அடக்கிவிட்டால் ‘ன்ன’ அல்லது ‘ண்ண’ பிறக்கும். யாழ்ப்பாணத்தார் வல்லொலியைக் காத்து அதன் இடத்தை மாற்றினர். தமிழகத்தார் மூக்கொலியைக் காத்து வல்லொலியை விட்டனர். ஒவ்வொருவரும் ஒன்றைக் காத்தனர், ஒன்றை இழந்தனர். ஆதலின் ஒண்டு என்பவன் ஒண்ணு என்பவனை நகைப்பதற்கும், அவன் இவனை நகைப்பதற்கும் நியாயமில்லை. ‘ஒன்று’ என்னும் எழுத்து வடிவமோ இருவருக்கும் பொதுவான நிலம்.

பேச்சு வடிவம் தன்னளவிற் குற்றமுடையதன்று எனின், அதனையே எழுதினால் என்ன? இங்கேதான் இடர் தொடங்குகின்றது. ‘ஒண்டு’ என்று எழுதினால் அதனை வேறொரு சொல்லாக எவரும் மயங்கார். ‘கண்டு’ என்று எழுதினாலோ, அது ‘பார்த்து’ என்னும் பொருளையுடைய வேறொரு சொல்லாகவும் நிற்கும். ‘மூண்டு’ என்பது தீ மூளுதலையும், ‘திண்டு’ என்பது சாய்ந்திருக்கும் அணையையும் குறிக்கும். பேச்சில் இவை மயங்குவதில்லை. பேசுவோன் முகம் முன்னே இருக்கின்றது, கை காட்டுகின்றது, குரல் ஏறி இறங்குகின்றது, விளங்காவிடில் மறுபடியும் கேட்கலாம். கடிதத்துக்கு முகமுமில்லை, கையுமில்லை. வாசிப்போன் தனக்குப் பழகிய சொல்லையே அதிற் காண்பான்.

எல்லாவற்றுள்ளும் பெரிய மயக்கம் ‘கொண்டு’ என்பதில் உண்டு. ‘கொல்’ என்பதிலிருந்து பிறந்த ‘கொன்று’ம், ‘கொள்’ என்பதிலிருந்து பிறந்த ‘கொண்டு’ம் நம் பேச்சில் ஒன்றாகிவிட்டன. இதனோடு இன்னொரு சுருக்கமும் சேர்கின்றது. ‘போய்விட்டான்’ என்பதை நாம் ‘போட்டான்’ என்போம். கீழே இடுதலையும் ‘போட்டான்’ என்போம். ஆகவே ‘கொண்டுபோட்டாங்கள்’ என்னும் ஒரு சொல், கொன்று போட்டார்கள் என்றும் பொருள்படும். கொண்டு போய்விட்டார்கள் என்றும் பொருள்படும்.

நான் அறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கின்றேன். எங்கள் கிராமத்திற் கைம்பெண் ஒருவர் ஆடு வளர்த்துச் சீவித்தார். ஓரிரவு வேலியைப் பிரித்து உள்ளே வந்த சிலர், பழைய பகை காரணமாக, அவருடைய மறியாட்டை வெட்டிவிட்டனர். மறுநாள் அவர் ஒரு பையனைக் கொண்டு முறைப்பாடு எழுதுவித்தார். அதில் இருந்த முதன்மையான வாக்கியம் இது: ‘இரவு இரண்டு பேர் வேலியைப் பிரித்து வந்து எங்கள் மறியாட்டைக் கொண்டுபோட்டார்கள்.’ பையன் படித்தவன். ஆதலின் ‘போட்டாங்கள்’ என்பதைப் ‘போட்டார்கள்’ என்று திருத்தியிருக்கின்றான். திருத்த வேண்டிய இடத்தை விட்டுவிட்டான். முறைப்பாட்டை வாங்கிய உத்தியோகத்தர் மலைநாட்டவர். அவர் அதனை வாசித்து, ‘ஆட்டை எங்கே கொண்டு போனார்கள்? பிறகு அது கிடைத்ததா?’ என்று வினவினார். ‘எங்கையும் கொண்டு போகேல்லை ஐயா, அந்த இடத்திலேயே கொண்டுபோட்டாங்கள்’ என்றார் அப்பெண். உத்தியோகத்தர் மேலும் குழம்பினார். கொண்டு போகவில்லை என்றும், கொண்டுபோட்டார்கள் என்றும் ஒரே மூச்சிற் சொன்னால் அவர் யாது செய்வார்? முடிவில் அந்த அம்மையார் தம் கழுத்திலே கையை வைத்து இழுத்துக் காட்டிய பின்னரே விடயம் விளங்கியது. அதற்கிடையில் புத்தகத்தில் ‘ஆடு களவு’ என்று பதிவாகியிருந்தது. களவு ஒரு குற்றம். பகையால் ஒருவருடைய பிராணியை வெட்டிக் கொல்லுதல் வேறொரு குற்றம். பதிவைத் திருத்துவித்தற்கு அவர் மேலும் இரண்டு நாள் நடக்க வேண்டியதாயிற்று.

‘கொன்றுவிட்டார்கள்’ என்று எழுதியிருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது. ஓரெழுத்து வேறுபாடுதானே என்பவர்கள், ஆட்டை விட்டு ஆளை எண்ணிப் பார்க்கட்டும். போர் 2009 ஆம் ஆண்டில் முடிவுற்றது. காணாமற் போன தம் பிள்ளைகளைப் பற்றி அதற்கு முன்னும் பின்னும் நம் தாய்மார் எழுதிய, பிறரைக் கொண்டு எழுதுவித்த விண்ணப்பங்கள் பல. பிள்ளையைக் கொண்டு போனார்கள் என்பதற்கும் கொன்றார்கள் என்பதற்கும் இடையில் ஒரு தாயின் நம்பிக்கை முழுவதும் நிற்கின்றது. அத்தகைய கடிதத்தில் இச்சொல்லை வாய் சொன்னபடியே எழுதிவிடலாகாது. எழுதிக் கொடுப்பவன் முதலிற் கேட்டறிந்து, அதற்குரிய எழுத்து வடிவை இட வேண்டும். ‘கொண்டு சென்றார்கள்’ என்று பிரித்து எழுதினால் ஐயம் நீங்கும்.

எந்த ‘ண்ட’வை ‘ன்ற’வாக்கி எழுதுவது, எதனை அவ்வாறே விடுவது என்று மாணாக்கர் கேட்பர். வினைச்சொல்லாயின் பகுதியைப் பார்த்தாற் போதும். நில், கொல், வெல், செல் என லகர ஈற்றால் வருவனவும், தின், என் என னகர ஈற்றால் வருவனவும் ‘ன்று’ பெறும்: நின்று, கொன்று, வென்று, சென்று, தின்று, என்று. கொள், உருள், இருள் என ளகர ஈற்றால் வருவனவும், காண், உண் என ணகர ஈற்றால் வருவனவும் ‘ண்டு’ பெறும்: கொண்டு, உருண்டு, இருண்டு, கண்டு, உண்டு. ஐயம் வந்தால் ஏவலாக்கிச் சொல்லிப் பார்க்கலாம். ‘நிண்டான்’ என்பவனை ‘நில்’ என்றே ஏவுகின்றோம். ‘நிள்’ என்று எவரும் ஏவார்.

பெயர்ச்சொல்லுக்குப் பகுதி காண்பது எளிதன்று. அதற்கு வகுப்பில் நான் ஒரு வேடிக்கையான சோதனை சொல்லிக் கொடுப்பதுண்டு. மலையகத்து நண்பன் ஒருவன் அச்சொல்லை எவ்வாறு சொல்வான் என்று நினைத்துப் பாருங்கள். நண்பன் இல்லாவிடின் தமிழகத்துத் திரைப்படம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் ‘பண்டி’ என்பதை அவர்கள் ‘பன்னி’ என்பர்; ஆகவே எழுத்தில் அது பன்றி. நாம் ‘மூண்டு’ என்பதை அவர்கள் ‘மூணு’ என்பர். ஆகவே அது மூன்று. ‘வண்டு’, ‘நண்டு’, ‘துண்டு’ என்பனவற்றை அவர்களும் வண்டு, நண்டு, துண்டு என்றே சொல்வர். ஆகவே அவை எழுத்திலும் அவ்வாறே நிற்கும். ஒரு நாட்டார் இழந்ததை மற்றொரு நாட்டார் காத்திருத்தலின் இச்சோதனை பலிக்கின்றது. ‘வேண்டும்’ என்பதை அவர்கள் ‘வேணும்’ என்கின்றார்களே, அதனை ‘வேன்றும்’ என எழுதலாமோ என்று ஒரு குறும்பன் கேட்டான். அதனை நாமும் வேணும் என்றே சொல்கின்றோம். ஈரிடத்தும் வேறுபாடின்மையின் சோதனைக்கு அங்கே வேலையில்லை.

இச்சோதனை தெரியாதவன் அளவுக்கு மிஞ்சித் திருத்தத் தொடங்குவான். பேச்சில் வரும் ‘ண்ட’ எல்லாம் கொச்சை என்று அஞ்சிய மாணவன் ஒருவன், ‘மலரில் வன்று தேன் உண்ணும்’ என்று கட்டுரையில் எழுதியிருந்தான். பேச்சு வடிவத்தை எழுதுபவனைக் காட்டிலும் இவன் நிலை பரிதாபமானது. கண்டு என்று எழுதியவனுக்குத் தன் வீட்டு வழக்காவது துணை நிற்கும். வன்று என்பது எந்த வீட்டிலும் இல்லை.

பேச்சு வடிவத்தை வேண்டுமென்றே எழுத வரும்போதும் ஓர் ஒழுங்கு உண்டு. கைத்தொலைபேசியில் இன்று இளைஞர் அனுப்பும் செய்திகளில் ‘என்டு’, ‘ஒன்டு’ என்று வருவதைக் காண்கின்றேன். சில கதைகளில் ‘எண்று’ எனவும் வருகின்றது. தமிழ்ச் சொல்லினுள் னகர மெய்யை அடுத்து டகரம் வாராது. ணகர மெய்யை அடுத்து றகரம் வாராது. ‘ண்ட’ என்றும் ‘ன்ற’ என்றும் இனத்தோடு இனமாகவே அவை சேரும். வாயும் அவ்வாறே சேர்த்து ஒலிக்கின்றது. ஆதலின் எழுதின் ‘எண்டு’ என்று எழுதுக. அன்றேல் ‘என்று’ என்று எழுதுக. இரண்டுக்கும் நடுவே நிற்கும் ‘என்டு’ வீட்டுக்கும் ஆகாது, ஏட்டுக்கும் ஆகாது. பேராதனையில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே நாடகங்கள் எழுதினார். அவருடைய ‘நானாடகம்’ 1940 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மொழியாராய்ச்சியில் வல்ல ஒருவர் அவ்வழக்கை நாடகத்துக்குத் தகுதியுடையதாகக் கொண்டார் என்பதைப் பேச்சு வழக்கை இகழ்வோர் எண்ணுதல் வேண்டும்.

இனிக் கடிதத்துக்கு வருவோம். தூரதேசத்தில் இருக்கும் மகன் தாய்க்கு எழுதுகின்றான்: ‘அம்மா, நான் தை மாதம் வாறன். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ.’ இதில் நான் ஒரு புள்ளியையும் திருத்த மாட்டேன். அம்மாவுக்கு அவன் குரல் வேண்டும். ‘வருகின்றேன்’ என்று எழுதினால் அயலான் ஒருவன் எழுதியது போலிருக்கும். ‘ஒண்டு’ வேறெதனோடும் மயங்குவதில்லை. அதே கடிதத்தில் ‘மாமா எங்கடை வாழைக்கண்டுகளைப் பார்த்தாரோ’ என்று வரின் அதுவும் தகும்; வாழை முன்னே நின்று பொருளைக் காட்டிவிடுகின்றது. ஆனால் ‘வக்கீல் உறுதியைக் கொண்டுபோட்டார்’ என்று அவனுக்கு விடை எழுதும் தாய், வீட்டுக் கடிதமேயாயினும், ‘கொண்டு போய்விட்டார்’ என்று எழுதுவது நன்று. உறுதியை எடுத்துச் சென்றாரா, கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டாரா என்று மகன் அங்கிருந்து தவிக்கலாகாது.

அதே மகன் தன் பழைய பாடசாலை அதிபருக்கு எழுதுவானாயின் ‘வருகிறேன்’ என்று எழுதட்டும். வாறன், வருகிறேன், வருகின்றேன் என்னும் மூன்றும் ஒரு சொல்லின் மூன்று படிகள். முதலாவது வீட்டுக்குரியது. மூன்றாவது கட்டுரைக்கும் அழைப்பிதழுக்கும் உரியது. பண்டிதர்களாகிய எங்களுக்கு அதில் ஆசை அதிகம் என்பதை இக்கட்டுரையைக் கொண்டே வாசகர் அறிந்திருப்பர். நடுவிலுள்ள ‘வருகிறேன்’ விண்ணப்பத்துக்கும், மரியாதைக்குரியோருக்கு எழுதும் கடிதத்துக்கும், மேடைக்கும் ஒருங்கே பொருந்துவது. ஒரு கடிதத்தில் ஒரு படியிலே நின்றால் வாசிப்போனுக்கு வழுக்காது. ‘தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்று மகிழ்கின்றேன், நான் அடுத்த கிழமை வாறன்’ என்று எழுதுபவன் வாசலில் வேட்டியுடன் நின்று, உள்ளே போய்ச் சாரத்துடன் வருகின்றவனை ஒப்பான்.

ஒலி வேறுபடாது பொருள் வேறுபடும் சொற்கள் இரண்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கடிதத்தில் மனத்தாபத்தை உண்டாக்குவன அவையே. ஒன்று ‘அவை’. நம் பேச்சில் அது மனிதரைக் குறிக்கும்: ‘அவை நேற்று வந்தவை’ என்றால் அவர்கள் வந்தார்கள் என்பது பொருள். எழுத்தில் அது அஃறிணைப் பன்மை. கொழும்பிலிருக்கும் பெண் வீட்டாருக்கு, ‘மாப்பிள்ளை பகுதியார் வந்தவை, அவை சாதகத்தைப் பார்த்தவை’ என்று எழுதினால், யாழ்ப்பாண வழக்கறியாத ஒருவர் அதனை வாசிக்குமிடத்து, சம்பந்திமாரை மாடுகளோடு சேர்த்ததாகக் கருதக்கூடும். எழுத்தில் ‘அவர்கள் வந்தார்கள்’ என்பதே தகும்.

மற்றையது ‘நீர்’. இலக்கியத்தில் அது உயர்ந்தோரையும் முன்னிலையாக்கும் சொல். எங்கள் ஊர்ப் பேச்சிலோ நீ என்பதற்கும் நீங்கள் என்பதற்கும் இடையிலுள்ள படி அது. ஒத்தவருக்கும் இளையவருக்கும், கணவன் மனைவிக்கும் வழங்குவது. ‘நீர் வாரும், இரும்’ என்பதில் அன்பு உண்டு, பணிவு இல்லை. பழைய நூல்களைக் கற்ற மாணவன் ஒருவன் தமிழ்ப்பற்று மிகுதியால் ஒரு பெரியவருக்கு, ‘நீர் எமது விழாவுக்கு வருகை தர வேண்டும்’ என்று எழுதினால், அவர் அதனை எங்கள் ஊர்க் காதினாலேயே கேட்பார். விழாவுக்கு வரமாட்டார். இங்கே எழுத்து வழக்கே தவறாகிப் பேச்சு வழக்கு அதனை வெல்கின்றது. தாங்கள் என்றாவது நீங்கள் என்றாவது எழுதுவதே முறை.

மேடையில் நிலை சற்று வேறு. அங்கே முகமும் கையும் குரலும் உள. ஆனாற் கேட்போர் பல ஊரார். ‘இரண்டொரு வார்த்தை சொல்லலாமெண்டு நினைக்கின்றேன்’ என்று தொடங்குபவர் ஒரு வாக்கியத்துள்ளேயே இரண்டு படிகளில் நிற்கின்றார். ‘சொல்லலாமென்று நினைக்கிறேன்’ என்பது போதும். முழுவதையும் பேச்சு வழக்கிற் பேசுவதும் தகும். பட்டிமன்றத்திலும் ஊர்க் கூட்டத்திலும் அது சுவை தரும். செந்தமிழில் தொடங்கி, மூச்சு வாங்கத் தொடங்கியவுடன் வீட்டுத் தமிழுக்கு இறங்குவதே கேட்போரை வருத்துவது. எழுதி வைத்துப் பேசுவோர் தமக்கு இயல்பாக வராத ‘கின்று’க்களை முன்னரே வெட்டிவிடுதல் நல்லது, ‘வருகைதந்திருக்கின்ற’ என்னுமிடத்து ‘வந்திருக்கும்’ என்றால் நா தடுமாறாது.

இன்னொன்று: பேச்சில் நாங்கள் என்பதையே கேட்போரையும் உளப்படுத்திச் சொல்லிவிடுகின்றோம். மேடையில் ‘நாங்கள் இந்நூலகத்தைப் புதுப்பிக்க வேண்டும்’ என்றால், அது சங்கத்து நிருவாகிகளின் வேலை என்று சபையோர் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாம். ‘நாம்’ என்னும் எழுத்து வடிவம் அங்கே அவர்களையும் உள்ளே இழுத்துவிடும். நன்கொடை கேட்கப் போகும் செயலாளர் இதனை மறவாதிருப்பாராக.

மேடையிலே பேச்சு வடிவம் கட்டாயம் வேண்டப்படும் இடமும் உண்டு. அஞ்சலிக் கூட்டமொன்றில் மறைந்த ஆசிரியை ஒருவரைப் பற்றிப் பேசிய ஒருவர், ‘வகுப்பினுள் நுழைந்தவுடன் அவர், மாணவச் செல்வங்களே, காலையுணவு உண்டீர்களா என்று வினவுவார்’ என்றார். சபை அசையாதிருந்தது. அடுத்து வந்தவர், படிப்பு அதிகம் இல்லாதவர், ‘ரீச்சர் வந்தவுடனை, பிள்ளையள், சாப்பிட்டனியளோ எண்டு கேப்பா’ என்றார். முன்வரிசையிலிருந்த பெண்கள் கண்ணைத் துடைத்தனர். முதலாமவருடைய தமிழிற் பிழையில்லை. ஆனால் அந்த ஆசிரியை ஒருநாளும் அவ்வாறு கேட்டதில்லை. உரை முழுவதும் எழுத்து வழக்கில் நடக்கலாம். ஒருவர் வாயிற் பிறந்த சொல்லை எடுத்துச் சொல்லுமிடத்து அதனைப் பிறந்தபடியே சொல்ல வேண்டும். இரங்கற் கடிதத்துக்கும் நினைவு மலருக்கும் இது பொருந்தும்.

தொடங்கிய ஒலிக்கே மீண்டும் வருகின்றேன். ‘ன்ற’ உடைய எல்லாச் சொற்களும் நம் வாயில் ‘ண்ட’ ஆவதில்லை. பன்றி பண்டியானது, மன்றம் மண்டமாகவில்லை. தென்றலைத் தெண்டல் என்பாரில்லை. நம்மூர் உழவனுக்கும் கடலோடிக்கும் காற்றின் பெயர் சோழகம், வாடை, கச்சான், கொண்டல் என்பனவே. தென்றல் நமக்கு ஏட்டிலிருந்து வந்தது. வீட்டிற் புழங்கிய சொற்களே மாறின. ஏட்டின் வழி வந்தவை எழுதியபடியே நின்றுவிட்டன. இவ்வரிசையில் ‘நன்றி’யும் ஒன்று. அதனை நண்டி என்று சொன்னவரை நான் கேட்டதில்லை. நம் பாட்டிமார் தண்ணீர் தந்தவருக்கு ‘நல்லாயிரு பிள்ளை’ என்றனர், நன்றி என்றிலர். ஆதலின் நன்றியுரை கூற எழுபவர், பேச்சு வடிவமா எழுத்து வடிவமா என்று அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் யோசிக்க வேண்டியதில்லை.